மருமகளின் முதல் பிறந்தநாள் அட்டைக்கு எட்டு வரி

முதல் பிறந்தநாளுக்கு வரும் வாழ்த்து அட்டையை அந்தக் குழந்தை படிக்கப் போவதில்லை. கையில் கொடுத்தால் ஓரத்தைச் சப்பிப் பார்க்கும், பிறகு கிழிக்கும். அட்டையைப் படிப்பது அதன் அம்மா. தாய்மாமன் எழுதும்போது அந்த அம்மா உங்கள் அக்காவோ தங்கையோதான். அவள் மகளை மடியில் வைத்துக்கொண்டு சத்தம் போட்டு வாசிப்பாள், சுற்றி இருப்பவர்கள் கேட்பார்கள். குழந்தையின் காதில் விழுவது தன் பெயரும் தாளமும் மட்டும். அட்டை பத்திரமாக இருந்தால், எட்டு ஒன்பது வயதில் அவளே அதை எடுத்து எழுத்துக் கூட்டிப் படிப்பாள். ஆக, இந்தக் கவிதை வாய்விட்டு வாசிக்க இடறாமல் ஓட வேண்டும். பிற்காலத்தில் படிக்கும்போது, ஒரு வயதில் அவள் எப்படி இருந்தாள் என்று சொல்லவும் வேண்டும். “வளமுடன் வாழ்க” என்ற வாழ்த்தை அட்டையிலேயே அச்சடித்திருப்பார்கள். அதை நீங்கள் மறுபடி எழுத வேண்டியதில்லை.

எத்தனை வரி? நடுவில் மடித்த சாதாரண அட்டையின் உள்பக்கத்தில், கையெழுத்தில், வரிக்கு மூன்று சொல் வீதம் எட்டு வரி தாராளமாக அடங்கும். நான்கு வரியில் நிறுத்தினால் குழந்தையைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் இடம் தீர்ந்துவிடும், மாமன் வந்து சேர மாட்டான். பதினாறு வரி போனால் வாசிப்பவள் நடுவிலேயே “சரி, கேக் வெட்டலாம்” என்று எழுந்துவிடுவாள். இந்த அத்தியாயத்தில் எட்டு வரி ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை கட்டிப் பார்ப்போம்.

ஒரு அண்ணனை எடுத்துக்கொள்வோம். பெங்களூரில் வேலை, தங்கை கரூரில். தங்கை மகளுக்குப் பெயர் கயல்விழி, வீட்டில் கயல். பிறந்தநாளுக்கு லீவு கிடைக்கவில்லை. ஆனால் அடுத்த மாதம், பதின்மூன்றாம் மாதத்தில், குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தப் போகிறார்கள். அதற்கு மாமன் மடி இல்லாமல் முடியாது.

எழுதுவதற்கு முன் ஒரு போன்

பேனாவை எடுப்பதற்கு முன்னால் தங்கைக்குப் போன் போட வேண்டும். “கயல் எப்படி இருக்கா?” என்று கேட்டால் “நல்லா இருக்கா” என்றுதான் பதில் வரும். “இந்த வாரம் அவளால உனக்கு என்ன தொல்லை?” என்று கேட்டால் சரக்கு கொட்டும்.

“அத ஏன் கேக்குறண்ணே! வாசல்ல ஒரு செருப்பு விட முடியல. எடுத்து வாயில வெச்சுக் கடிக்கிறா. ‘யாருடி கடிச்சது’ன்னு கேட்டா, நானா, இல்லவே இல்லங்குற மாதிரி ஒரு சிரிப்பு. செவுத்தப் புடிச்சு நின்னுடறா. மூணு நிமிசம் நிப்பா, பொத்துன்னு உக்காந்துடுவா. கீழ ரெண்டு பல்லு வந்தாச்சு. பொங்கலுக்கு வந்தப்ப உன் கண்ணாடியப் புடுங்கினாளே, இப்ப யாரு கண்ணாடி போட்டு வந்தாலும் அதே வேலைதான்.”

இதில் எட்டு வரிக்கு மேலேயே இருக்கிறது. எதை எடுப்பது, எதை விடுவது? இரண்டு பல் எல்லாக் குழந்தைக்கும் முளைப்பது, அதை விட்டுவிடலாம். சுவரைப் பிடித்து நிற்பதும் பெரும்பாலான குழந்தைகள் செய்வதுதான், ஆனாலும் அந்த வயதின் அடையாளம் அது, ஒரு வரிக்குத் தாங்கும். செருப்பும் அந்தச் சிரிப்பும் கயலுடையவை. கண்ணாடி, மாமனுக்கும் அவளுக்கும் இடையில் நடந்தது, வேறு யாரும் எழுத முடியாதது. காதுகுத்து வரப்போகிறது. ஆக நான்கு விஷயம், எட்டு வரிக்கு அளவாக இருக்கிறது.

குழந்தை அந்தந்த மாதத்தில் செய்வதை வைத்துப் பாடுவது நம்மிடம் பழைய வழக்கம். பிள்ளைத்தமிழின் பருவங்களே அப்படித்தான் அமைந்தவை. ஒரு காலை மடக்கி இரு கையும் ஊன்றித் தலை தூக்கி ஆடினால் செங்கீரை, கை கொட்டினால் சப்பாணி, முத்தம் கேட்பதற்கு ஒரு பருவம், தளர்நடை போட்டு வா என்று அழைக்க வருகை. ஒரு வயது என்பது முத்தத்துக்கும் வருகைக்கும் நடுவில் விழும். மதுரை மீனாட்சியையே சிறு குழந்தையாக்கி இந்த வரிசையில் பாடினார் குமரகுருபரர். அம்மனுக்கே அப்படியென்றால் கரூர்க் கயலுக்குச் செருப்புக் கடிப்பதைப் பாடுவதில் குறைச்சல் ஒன்றுமில்லை. தாலாட்டில் மாமன் அடிக்கடி வருவான், ஆனால் அங்கே அவனைப் பற்றி அம்மா பாடுவாள். அட்டையில் அவனே பேசப்போகிறான். இந்த வேறுபாடு கடைசி நான்கு வரியில் உதவும்.

ஓசை வரியின் தொடக்கத்தில் வேண்டும்

வாழ்த்துக் கவிதை என்றால் வரி முடிவில் ஒரே ஒலி வந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். “சிரிக்கிறாய், தவழ்கிறாய், நடக்கிறாய், அழைக்கிறாய்” என்று எழுதிவிட்டு ஓசை அமைந்துவிட்டது என்று திருப்திப்படுகிறார்கள். தமிழில் வினைச்சொல்லெல்லாம் ஒரே விகுதியில் முடிவதால், இந்த ஒற்றுமை எழுதுகிறவன் உழைப்பில்லாமல் தானாக வந்துவிடும். கேட்கிற காதுக்கு அது தெரியும். எதிர்பார்த்த ஒலி எதிர்பார்த்த இடத்தில் வந்தால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. வரி முடிவில் வரும் இந்த ஒற்றுமைக்கு இயைபு என்று பெயர். அது வேண்டும்தான், ஆனால் விகுதியை விட்டு வேறு சொற்களில் தேட வேண்டும்.

தமிழ்ப்பாட்டில் முக்கிய வேலை வரியின் தொடக்கத்தில் நடக்கிறது. முதல் சொல்லின் இரண்டாம் எழுத்து அடுத்த வரியின் முதல் சொல்லிலும் இரண்டாம் எழுத்தாக வந்தால் எதுகை. அப்படி வரும்போது முதல் எழுத்துகள் அளவில் ஒத்திருக்க வேண்டும், குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். “கயல், முயல், வயல்” மூன்றும் எதுகை. “கயல், காயம்” இரண்டிலும் ய இருந்தாலும் காது ஒப்புக்கொள்ளாது, ஏனென்றால் க குறில், கா நெடில். அட்டைக்கவிதைகளில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். எழுத்தைப் பார்த்து ஒத்துப்போகிறது என்று நினைப்பார்கள், வாசித்தால் கால் இடறும். இரண்டாம் எழுத்து அச்சாக அதே எழுத்தாக இருக்க வேண்டுமென்பதில்லை. ய வந்த இடத்தில் யா, யி வரலாம், அந்த வரிசை ஒன்றாக இருந்தால் சரி.

ஆகவே முதல் வேலை, குழந்தையின் பெயரை வைத்து ஒரு சொல்பட்டியல் போடுவது. கயலுக்கு ய: வயது, முயல், புயல், துயில், செயல், கயிறு, முயன்று, ரயில். இந்தப் பட்டியலில் “வயது” இருப்பது பெரிய அதிர்ஷ்டம். பிறந்தநாள் அட்டையில் அந்தச் சொல் வந்தே தீரும். முயலும் புயலும் கையைப் பிடித்து இழுக்கும். இந்தப் பெயருடைய எல்லாக் குழந்தைக்கும் எல்லா மாமனும் முயலையும் புயலையும்தான் எழுதியிருப்பார்கள், விட்டுவிடுங்கள். “முயன்று” என்ற சொல்லில் உவமை கிடையாது, ஆனால் சுவரைப் பிடித்து எழும் குழந்தை செய்வதை அது சரியாகச் சொல்கிறது.

பெயர் யாழினி என்றால் கோழி, தோழி, ஆழி, நாழி என்று ழி வரிசை. நிலா என்றால் உலா, பலா, விலா. அனன்யா என்றால் மனம், தினம், கனவு. சில பெயர்களுக்குத் தமிழில் எதுகை சுலபமாகக் கிடைக்காது. அப்போது அடம்பிடிக்காமல் வீட்டில் கூப்பிடும் பெயருக்குப் போய்விடுங்கள். அம்மு என்றால் சும்மா, கம்மல், தும்மல், உம்மா எல்லாம் வரிசையில் நிற்கும். அதுவும் அமையாவிட்டால் பெயரை வரியின் நடுவில் வைத்து, தொடக்கத்தில் வேறு சொல்லை நிறுத்தலாம். பெயருக்காக இல்லாத சொல்லை உண்டாக்கக் கூடாது.

தாளம் பிடிக்கும் முறை

யாப்பு படித்தவர்கள் நேராக வெண்பாவுக்குப் போவார்கள். குறள் வெண்பா இரண்டே அடி, ஏழே சீர், அட்டைக்கு அளவு சரிதான். ஆனால் தளை தட்டாமல் இருக்க “செருப்பு” என்ற இடத்தில் “பாதுகை” போட வேண்டிவரும், ஈற்றுச்சீரை நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்குக்குள் அடைக்க வேண்டிவரும். கரூர் வீட்டில் பாதுகையை யாரும் கடிப்பதில்லை. வெண்பா கைக்குப் பழகியவர்களுக்கு விலக்கு உண்டு, மற்றவர்கள் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

சுலபமான தாளம் ஒன்று சொல்கிறேன். ஒரு வரிக்கு மூன்று சீர். முதல் இரண்டும் மாச்சீர், மூன்றாவது காய்ச்சீர். பெயர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு சொல்லை அசையாக உடைத்துத் தட்டிப் பார்த்தால் விளங்கும். தனிக்குறிலோ நெடிலோ ஒரு தட்டு, அதை நேர் என்பார்கள். இரண்டு குறிலோ, குறிலும் அதை அடுத்த நெடிலுமோ சேர்ந்து வேகமாக வந்தால் அதுவும் ஒரு தட்டு, நிரை. பின்னால் வரும் மெய்யெழுத்து அந்தத் தட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். மா என்றால் இரண்டு தட்டு, இரண்டாவது நேராக இருக்க வேண்டும். காய் என்றால் மூன்று தட்டு, மூன்றாவது நேர்.

முதல் வரி: கயலே உனக்கு வயதொன்று. தட்டிப் பாருங்கள். கய-லே, உனக்-கு, வய-தொன்-று. இரண்டு, இரண்டு, மூன்று. மேசையில் விரலால் தட்டிக்கொண்டே நான்கு முறை சொன்னால் தாளம் காதில் உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகு எண்ண வேண்டியதில்லை, அடுத்த வரி அதே நடையில் வருகிறதா என்பது வாய்க்கே தெரியும். இந்த வரியில் கயலும் வயதும் ஒரே அடிக்குள் எதுகையாக நிற்பதையும் கவனியுங்கள். அது தானாக வந்தது, விரட்டிப் பிடித்ததில்லை.

இரண்டிரண்டு வரியாகச் சேர்த்தால் மா, மா, காய், மா, மா, காய் என்று அறுசீர் விருத்தத்தின் அடி போல ஒலிக்கும். முறையான விருத்தத்தில் நான்கு அடிக்கும் ஒரே எதுகை வர வேண்டும். நாம் ஜோடிக்கு ஜோடி எதுகையை மாற்றப் போகிறோம், அதனால் இதற்கு விருத்தம் என்று பெயர் சொல்லிக்கொள்ள முடியாது. அட்டைக்கு அது ஒரு குறையில்லை.

வரி வரியாக

முதல் வரி “ஒன்று” என்று முடிகிறது. அதற்கு இயைபு நின்று, மென்று, என்று, தின்று, வென்று. செருப்பைக் கடிக்கிற பிள்ளைக்கு “மென்று” அமைந்தது போல வேறு அமையாது. இரண்டாம் வரி “முயன்று” என்று தொடங்கி “நின்று” என்று முடியலாம்: முயன்று சுவரைப் பிடித்துநின்று. முயன்-று, சுவ-ரைப், பிடித்-துநின்-று. சரியாக இருக்கிறது.

மூன்றாம் வரி: செருப்பை எடுத்துக் கடித்துமென்று. இனி “செருப்பை”க்கு எதுகை வேண்டும். முதல் எழுத்து குறில், இரண்டாவது ர வரிசை. “சிரிப்பாய்” அங்கேயே காத்திருக்கிறது. செ, சி இரண்டும் மோனைக்கும் இனம், இது கூடுதல் வரவு. நான்காம் வரிக்கு முதலில் தோன்றுவது இது: சிரிப்பாய் ஒன்றும் தெரியாதென்று. பொருள் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வாசித்தால் வால் நீள்கிறது. தெரி-யா-தென்-று, நான்கு தட்டு. இந்த மாதிரி இடத்தில் சொல்லை இழுத்துப் பிடித்துச் சுருக்கப் பார்க்காமல், தங்கை போனில் சொன்னதைத் திரும்ப நினைத்துப் பார்ப்பது நல்லது. “நானா, இல்லவே இல்லங்குற மாதிரி ஒரு சிரிப்பு” என்றாள். அதையே எடுத்தால்: சிரிப்பாய் “நானா? இல்லை” என்று. இல்-லையென்-று, மூன்று தட்டு. தாளமும் சரியாகிவிட்டது, வரியும் முந்தியதைவிட உயிரோடு இருக்கிறது. தங்கை வாசிக்கும்போது தன் வார்த்தையைத் தானே கேட்டுச் சிரிப்பாள்.

ஐந்தாம் வரியில் மாமன் வருகிறான். மாமன் மூக்குக் கண்ணாடி. மூன்று சொல்லில் வினையே இல்லை, பரவாயில்லை, அடுத்த வரி அதை முடிக்கும். மாவும் மூவும் இலக்கணப்படி மோனையாகாது, ஏனென்றால் ஆவுக்கு அ, ஐ, ஔ தான் இனம். ஆனாலும் இரண்டு மகரம் அடுத்தடுத்து வருவதைக் காது விரும்பும். எதுகைக்கு நெடில் முதலெழுத்தும் ம வரிசையும் வேண்டும். தாமதம், சாமான், பூமி, சாமி, ஆமாம். “தாமதம் இன்றிப் பறித்தாயே” என்று ஒரு வரி கட்டலாம், பலர் அங்கேயே நிறுத்தியும் விடுவார்கள். அதைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். தாமதம் என்ற சொல்லுக்கு அங்கே வேலை என்ன? எதுகைக்காக வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு வயதுக் குழந்தை கண்ணாடியைப் பிடுங்குவதில் தாமதம் ஏது, அவசரம் ஏது? போதாததற்கு தா-மதம் என்று இரண்டாம் தட்டு நிரையாகித் தாளத்தையும் உடைக்கிறது. எதுகைச் சொல்லை எடுத்துவிட்டால் பொருள் குறைகிறதா என்று பார்ப்பதுதான் இதற்குச் சோதனை. குறையவில்லை என்றால் அந்தச் சொல் வெறும் அடைப்பு.

“ஆமாம்” அப்படியில்லை. ஆமாம், அதுவும் பறிபோச்சு. செருப்பு மட்டுமா, கண்ணாடியும் போனது என்று மாமன் ஒப்புக்கொள்ளும் தொனி அதில் இருக்கிறது. அந்த ஒரு சொல் முதல் நான்கு வரியையும் அடுத்த நான்கையும் கட்டிப்போடுகிறது.

இங்கே ஒரு கேள்வி எழும். முதல் பாதியில் “நின்று, மென்று” என்று எழுத்துநடை, இரண்டாம் பாதியில் “போச்சு” என்று பேச்சுநடை. கலப்பு இல்லையா? கலப்புதான், ஆனால் மாறும் இடம் சரியாக இருக்கிறது. முதல் பாதி பாட்டு போல ஒலிக்கிறது, மாமன் தன்னைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் பேச்சு வருகிறது. ஒரே வரிக்குள் இரண்டையும் கலந்தால்தான் உறுத்தும்.

கடைசி ஜோடி காதுகுத்து. மடியில் வைத்துக் காதுகுத்த. “போச்சு”க்கு இயைபாக ஆச்சு வேண்டும், “மடி”க்கு எதுகையாக டி வேண்டும். விடியல், நொடி, படி, கடிதம், அடியே. “விடியல் ரயிலில் இடமாச்சு” என்றால் எதுகை, தாளம், இயைபு எல்லாம் பொருந்துகிறது. ஆனால் அப்படி யாராவது பேசுவார்களா? ஊருக்கு வருகிறவன் போனில் “டிக்கெட் போட்டாச்சு” என்றுதான் சொல்வான். அதற்கு முன்னால் டி எதுகைக்கு ஒரு சொல் வைத்தால் போதும்: அடியே! டிக்கெட் போட்டாச்சு.

“அடியே” என்பதில் மட்டும் வீட்டு வழக்கத்தைப் பார்க்க வேண்டும். மருமகளை “அடியே” என்று கூப்பிடும் உரிமை பல குடும்பங்களில் மாமனுக்கு உண்டு, அது செல்லம். சில வீடுகளில் பெண்குழந்தையை யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள், முகம் சுளிப்பார்கள். தங்கையின் மாமியார் முன்னிலையில் வாசிக்கப்படும் என்பதையும் மறக்க வேண்டாம். சந்தேகமிருந்தால் “விடிந்தால் பயணம், முடிவாச்சு” என்று மாற்றிக்கொள்ளலாம். கொஞ்சம் சத்து குறையும், ஆனால் சண்டை வராது.

இப்போது முழுதாக:

கயலே உனக்கு வயதொன்று
முயன்று சுவரைப் பிடித்துநின்று
செருப்பை எடுத்துக் கடித்துமென்று
சிரிப்பாய் “நானா? இல்லை” என்று!

மாமன் மூக்குக் கண்ணாடி
ஆமாம், அதுவும் பறிபோச்சு
மடியில் வைத்துக் காதுகுத்த
அடியே! டிக்கெட் போட்டாச்சு!

இரண்டாம் பாதியில் ஐந்தாம், ஏழாம் வரிகளுக்கு இயைபு இல்லை. முதல் பாதியில் நான்கும் ஒரே ஒலியில் முடிந்ததால் இங்கே ஒன்றுவிட்டு ஒன்று வருவது காதுக்கு ஓய்வு. எட்டு வரியும் “ன்று” என்று முடித்திருந்தால் ஐந்தாவது வரியிலேயே சலித்திருக்கும்.

சோதித்துப் பார்க்க

எழுதி முடித்ததும் பெயரை மட்டும் மாற்றி வேறொரு குழந்தைக்கு அனுப்ப முடியுமா என்று பாருங்கள். “கண்மணியே பொன்மணியே காலமெல்லாம் வாழ்கவே” என்ற வரி எந்தக் குழந்தைக்கும் போகும், ஆகவே அது இந்தக் குழந்தைக்கு உரியதில்லை. நம் எட்டு வரியில் முதல் இரண்டும் வேறு குழந்தைக்குப் போகக்கூடும். அடுத்த ஆறும் போகாது. இந்த விகிதம் போதும்.

பிறகு வேறொருவரை வாசிக்கச் சொல்லுங்கள். நீங்களே வாசித்தால் தாளம் இல்லாத இடத்திலும் இருப்பதுபோல் இழுத்து வாசித்துவிடுவீர்கள். அறைநண்பர் கையில் தாளைக் கொடுத்து, எதுவும் விளக்காமல் கேளுங்கள். அவர் எங்கே தயங்குகிறாரோ அந்த வரியில்தான் பிசகு இருக்கிறது. “பிடித்துநின்று” என்று சேர்த்து எழுதியதில் தடுக்கினால் அட்டையில் “பிடித்து நின்று” என்று பிரித்தே எழுதலாம், வாய் தானாகச் சேர்த்துக்கொள்ளும்.

சொன்னது நடக்குமா என்பதும் ஒரு சோதனைதான். டிக்கெட் போடாமல் “போட்டாச்சு” என்று எழுதக் கூடாது. இந்த வரியை எட்டு வருஷம் கழித்தும் ஒருத்தி படிக்கப் போகிறாள், அன்றைக்குக் காதுகுத்துப் போட்டோவில் மாமன் இருந்தாக வேண்டும். லீவு உறுதியாகாதவர்கள் கண்ணாடி வரியோடு நிறுத்தி ஆறு வரியாக அனுப்பலாம். முதலில் எழுத்துநடை நான்கு, பிறகு பேச்சு இரண்டு, அப்படியும் பாட்டு நிற்கும்.

சித்தப்பா, பெரியப்பா எழுதினால்

முதல் நான்கு வரியில் எதையும் மாற்ற வேண்டாம். அடுத்த நான்கில் காதுகுத்து மடியைத் தொடக்கூடாது, அது தாய்மாமனுடையது, அவர்கள் பக்கத்து ஆட்கள் அட்டையைப் பார்த்தால் பேச்சு வளரும். “சித்தப்பா” என்ற சொல்லுக்கு எதுகை ஏராளம்: சத்தம், முத்தம், மெத்தை, தத்தி, புத்தகம், பத்து. நடை பழகுகிற பிள்ளைக்குத் “தத்தி” என்ற சொல்லே தானாக வந்து நிற்கும். பெரியப்பாவுக்குப் பரிசு, வரிசை, உரிமை. ஆனால் சித்தப்பாவின் முதல் சீரே சித்-தப்-பா என்று மூன்று தட்டு. மா, மா, காய் தாளத்தில் அதை வரியின் தொடக்கத்தில் வைத்தால் இடிக்கும். மூன்றாவது சீராக, வரியின் கடைசியில் வையுங்கள், அங்கே அது காய்ச்சீராகப் பொருந்தும். பெரியப்பாவும் பெரி-யப்-பா, அதே கதை.

அட்டையில் ஏற்றும்போது

பளபளப்பான தாளில் ஜெல் பேனா மை உடனே காயாது, கை பட்டால் இழுத்துக்கொண்டு போகும். அட்டையின் பின்மூலையில் ஒரு கோடு போட்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். இழுத்தால் பால்பாயிண்ட் பேனாவுக்கு மாறிவிடுங்கள். முதலில் அதே அளவு வெள்ளைத்தாளில் எழுதி வரி மடங்குகிறதா பாருங்கள். “செருப்பை எடுத்துக் கடித்துமென்று” தான் நீளமான வரி, அது ஒரே வரியில் அடங்கினால் மற்றதெல்லாம் அடங்கும். வரி மடங்கிவிட்டால் எதுகை எந்த வரியின் தொடக்கம் என்று வாசிப்பவளுக்குத் தெரியாமல் போய்விடும்.

கீழே “மாமா” என்று மட்டும் போடாமல் ஊரும் தேதியும் வருஷமும் எழுதுங்கள். இரண்டு மூன்று மாமன் உள்ள குடும்பத்தில் பெயரும் வேண்டும். குழந்தையின் முழுப்பெயரை மேலே எழுதிவிட்டால் பாட்டுக்குள் செல்லப்பெயர் இருப்பதில் குழப்பம் வராது. தபாலில் போடுவதானால் பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்பாவது போட்டுவிடுங்கள். தங்கைக்குப் போன் போட்டு, கயல் கையில் அட்டையைக் கொடுப்பதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துவைக்கச் சொல்லுங்கள், செருப்புக்கு நேர்ந்ததுதான் அட்டைக்கும் நேரப்போகிறது.